பன்னிரண்டே கால் மணி ஊசி

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவருக்குப் பல்லண்ணன் என்று பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவார். அதைச் சுற்றிச் சாந்து பூசி அச்சாக்கி, மெழுகை உலையில் உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்தக் குழியில் உலோகம் ஊற்றுவார். பதினேழு வருடமாக அதே ஸ்டூல். அவருடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. "எல்லாருக்கும் பல்லு செய்யுற, உனக்கு நீயே செஞ்சுக்க மாட்டியாப்பா?" என்று எட்டு வயது மகள் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த மகளுக்குத்தான் சர்க்கரை நோய் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்து, அதற்கேற்ற அளவில் இன்சுலின் போட வேண்டும். ஊசியைத் தொட மாட்டோம் என்று பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள். இரண்டு மாதம் மனைவி லீவு போட்டுப் போய்வந்தாள். துணி ஆலையில் சூப்பர்வைசராகி ஆறு மாதம்கூட ஆகவில்லை, லீவும் தீர்ந்துபோனது. உள்ளே போனால் ஷிப்ட் முடியும்வரை ஆலைக் கதவு திறக்காது.

பல்லண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு விண்ணப்பம் எழுதினார். ஒன்பது மணிக்குப் பதில் ஏழுக்கே வருவார். பன்னிரண்டுக்குள் அச்சுகளை உலையில் ஏற்றிவிடுவார். மெழுகு போக எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும், அதுவரை உலைக்கு ஆள் வேண்டியதில்லை. பன்னிரண்டு ஐந்துக்குப் பள்ளிக்குக் கிளம்பி ஒரு மணிக்குத் திரும்பி, நாலு வரை வேலை. எட்டு மணி நேரத்தில் ஒரு நிமிடம் குறையாது. பற்களை எடுத்துப்போக ஐந்து மணிக்கு வரும் வண்டிக்குப் பல்லுக்கு மெருகு போடும் அக்கா பெட்டிகளைக் கொடுப்பார். நாலு வாரம் பார்க்கலாம். சரியில்லை என்று திரும்பி வரும் பற்களும் தாமதங்களும் கூடினால் தானே பழைய நேரத்துக்குப் போய்விடுவதாகக் கடைசியில் எழுதியிருந்தார்.

மேனேஜர் அம்மா இரண்டு முறை படித்தார். "எல்லாத்தையும் நீங்களே யோசிச்சிட்டீங்க, நான் என்னத்தைக் கேக்குறது? நாலு வாரம் பாப்போம்" என்று கூடத்தின் சாவியைக் கொடுத்தார்.

முதல் இரண்டு வாரம் பிசகே இல்லை. பள்ளி அலுவலக அறையின் ஓரத்தில் மகள் சட்டையைத் தூக்கிக் காட்டுவாள், அவர் ஊசி போடுவார், பத்து எண்ணுவார்கள். சரியாக ஒரு மணிக்கு ஸ்டூலில் இருப்பார்.

மூன்றாவது வாரம் ஒரு மருத்துவர் பன்னிரண்டரைக்குப் போன் செய்தார். நோயாளி நாற்காலியில் வாய் திறந்து கிடக்கிறார். வந்த பல் உட்காரவில்லை, எங்கே தேய்ப்பது என்று அப்போதே தெரிய வேண்டும். "ஒரு மணிக்கு அவரே கூப்பிடுவார் டாக்டர்" என்றாள் போன் எடுக்கும் பெண். மருத்துவர் நேராக முதலாளியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

நாலாவது வாரக் கடைசியில் முதலாளியின் அறையில் கணக்கு எடுத்து வைத்தார் மேனேஜர் அம்மா. வழக்கமாக மாதம் ஐந்து பல் திரும்பி வரும். இந்த முறை மூன்று. தாமதம் ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் முதலாளி. "ஆனா டாக்டருங்க போன் பண்றதே பன்னண்டுல இருந்து ஒண்ணுக்குள்ளதான். அப்போ நீங்க இங்க இல்லைன்னா எப்படி?"

"செல்போன் எங்கிட்டயே இருக்கும் சார். வழியில எடுத்துப் பேசிடறேன்."

"அச்சைக் கையில வச்சுப் பாக்காம என்னத்தச் சொல்லுவீங்க?"

பல்லண்ணனுக்கும் தெரியும், அது உண்மைதான்.

"அது மட்டுமில்ல. உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. மதியம் வெளிய போறது வேண்டாம்." முதலாளி தாளைப் புரட்டினார். "ஆனா அந்த ஏழு மணி விஷயம் அருமை. ஒன்பதுக்கே முதல் பெட்டி தயாரா இருக்கு. அதை அப்படியே வச்சுக்குவோம். ஏழுல இருந்து நாலு."

பல்லண்ணன் மேனேஜர் அம்மாவைப் பார்த்தார். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

வெளியே மெருகு போடும் அக்கா காத்துக்கொண்டிருந்தார். படுக்கையில் கிடக்கும் மாமியாருக்காக அவரும் ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார். "என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்டு, இவர் முகத்தைப் பார்த்தார். தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி முழுவதையும் கேட்டாள். "வேற இடம் பாக்கலாமா?" என்றார் அவர்.

"எங்க போனாலும் பன்னண்டு மணி பன்னண்டு மணிதாங்க. உங்க சம்பளம் என்னோடதவிடக் கூட. நானே வேலைய விட்டு நின்னுக்கறேன்."

"இப்பத்தானே உன்னை சூப்பர்வைசராக்கினாங்க..."

"விடுங்க." எழுந்து போய் மகளின் சீருடையை இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அவள் ஆலைக்குப் போய் அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கு நடந்தாள். அந்த நேரத்தில் பல்லண்ணன் உலையில் அச்சுகளை ஏற்றிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி வரை யாரும் கூப்பிடவில்லை.