வெளிச்சம் போகுது

தலைமன்னார்ப் பக்கம், மணல் ஏறிக் கிடந்த வீதியில் மோட்டார் சைக்கிள் துரத்தல் காட்சி. வேறு ஆள் கிடைக்காமல், பாதுகாப்புக்குப் பொறுப்பாக என்னைக் கூப்பிட்ட இயக்குநர்தான் என் முழங்காலை உடைத்தவர். அவருடைய முந்தைய படத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது நான். வளைவில் காவல் நின்றவர் சிவப்புத் துணியை உயர்த்தினார். எனக்கு அது தெரியவில்லை. இயக்குநரின் ஒலிபெருக்கிதான் கேட்டது: "வெளிச்சம் போகுது, நிப்பாட்டாதை, ஓட்டு." வளைவுக்கு அப்பால் மாடு நின்றது.

இம்முறை என் நிபந்தனையை எல்லாருக்கும் முன்னால் அவரையே சொல்ல வைத்தேன். துணி உயர்ந்தால் வண்டி நிற்கும். காரணத்தைப் பிறகு கேட்கலாம். நின்றால், வீதியைப் பார்த்து, மெதுவோட்ட ஒத்திகையிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்.

நடந்து பார்த்தோம், மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். சூரியன் கடலைத் தொடப்போகும் நேரம் கமரா ஓடியது. துணி உயர்ந்தது, வண்டி நின்றது. பனைகளுக்குள்ளிருந்து ஒரு கழுதை வந்து, வீதியைக் கடந்து போனது.

"அதுதான் போயிட்டுதே அண்ணை. அப்பிடியே எடுப்பம், வெளிச்சம் போகுது," என்றார் இயக்குநர்.

இந்த வார்த்தைக்காகத்தான் நான் வந்திருந்தேன்.

"மெதுவாய் ஒருக்கா ஓடிப் பாத்திட்டு எடுப்பம்."

வளைவு வரை மணலைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தேவைக்கு மேல் நொண்டினேன். ஒத்திகை முடியச் சூரியனும் முடிந்தது.

"வேணுமெண்டுதானே செய்யிறியள்?"

"ஓம். வெளிச்சம் நாளைக்கும் வரும், தம்பி. என்ர முழங்கால் வரேல்லை."