வாசலில் நின்றபடி சொல்கிறவர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தால் செங்கல்பட்டில் மற்ற ஆண்கள் கறிக்கடைக்குப் போவார்கள். ஏசுபாதம் மட்டும் டி.வி.எஸ். ஐம்பதை உதைத்துக் கிளப்பிக்கொண்டு, யாருக்காவது வேலை இல்லை என்று சொல்லப் போவார்.

"இழவு சொல்லக் கிளம்பிட்டாரு மனுசன்," என்பாள் அவர் மனைவி ரெபேக்காள். வாய்தான் அப்படி. வெயிலுக்குத் துண்டு எடுத்தீரா, தண்ணி குடிச்சீரா என்று வண்டி தெரு திரும்பும்வரை கத்திக்கொண்டிருப்பதும் அவள்தான்.

மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் ஏசுபாதம் ஆள் எடுக்கும் பிரிவு குமாஸ்தா. இண்டர்வியூ நாளில் மூலையில் உட்கார்ந்து, பெயர் கூப்பிட்டு, பெரியவர்கள் சொல்வதைக் குறித்துக்கொள்வார். தேறியவருக்கு ரிஜிஸ்தர் தபால் போகும். தேறாதவருக்கு "தகவல் அனுப்புறோம்" என்ற ஒற்றை வார்த்தையோடு சரி. அந்தத் தகவல் எந்தக் காலத்திலும் போனதில்லை. எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தானே செய்கிறார்கள் என்று அவரும் பல வருடம் மனசைத் தேற்றிக்கொண்டுதான் இருந்தார்.

அந்தத் தேறுதலைக் கெடுத்தவன், இண்டர்வியூவுக்கு வந்து தேறாமல் போன பூபாலன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் அவரைப் பார்த்துவிட்டு ஓடிவந்தான்.

"சார், இன்னும் லெட்டர் வர்ல சார். கல்பாக்கத்துல ஒரு காண்ட்ராக்டர் கூப்டாரு, நான் போவல. நீங்க கூப்டுட்டா இன்னா பண்றதுன்னு வெயிட் பண்ணிகினு கீறேன்."

அவன் காத்திருந்த கம்பெனி வேலையில் வேறொருவன் சேர்ந்து பொங்கல் போனஸே வாங்கிவிட்டான். ஏசுபாதம் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். எவ்வளவு பெரிய பாவத்தைச் சும்மா உட்கார்ந்தே செய்திருக்கிறோம் என்று இருந்தது. அங்கேயே அவனிடம் உள்ளதைச் சொல்லி, காண்ட்ராக்டரைப் போய்ப் பார்க்கச் சொன்னார். அந்த இடமும் நிரம்பிவிட்டிருந்தது.

மறுநாள், தேறாதவர்களுக்கும் தகவல் சொல்லியாக வேண்டும் என்று மேனேஜர் நரசிம்மன் முன்னால் போய் நின்றார். நரசிம்மன் கெட்டவரல்ல, பயந்தவர்.

"சரிய்யா, எல்லாருக்கும் ரெண்டு வரி லெட்டர் போடு. கிட்டக்க இருக்கிறவனை நேர்ல பாக்கணும்னா உன் பெட்ரோல். திருத்திக்கக் கூடிய காரணமா இருந்தா சொல்லு. அடுத்தவன் மார்க்கைச் சொல்லாதே. திரும்ப எழுதிப்போடலாம்னு சொல்லு, ஆனா கிடைச்சுடும்னு மட்டும் வாக்கு குடுத்துடாதே."

முதல் பயணமே கோணிப்போனது. கம்பெனி ஆள் வந்திருக்கிறார் என்று அந்த வீட்டில் கோலி சோடா உடைத்தார்கள், வாழைப்பழம் வைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரிகளைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சோடாவைக் குடித்து முடித்துவிட்டு இவர் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மாவின் முகத்தை அதன்பிறகு அவரால் மறக்கவே முடியவில்லை. அன்றோடு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார்: வாசலில் நின்றபடி முதலில் "வேலை இல்லம்மா" என்று சொல்லிவிட வேண்டும். அதற்கு அப்புறமும் உட்காரச் சொன்னால் உட்காரலாம்.

தொண்ணூற்றெட்டில் திருக்கழுக்குன்றத்தில் கண்ணகி என்ற பெண் உட்காரச் சொல்லவில்லை. செக்கிங் வேலைக்கு வந்தவள், அளவு பார்ப்பதில் கெட்டிக்காரி.

"பத்துல ஒம்போது அளவு கரீட்டா சொன்னேனே சார். இன்னா கொறை?"

"பத்தாவது உனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்லியிருக்கலாம். குத்துமதிப்பா ஒண்ணை அடிச்சு விட்ட. செக்கிங்ல உக்கார்றவ குத்துமதிப்பா சொன்னா அந்தப் பார்ட்டு அப்படியே வண்டிக்குள்ள போயிடும் தாயே. தெரியாதுன்னு சொல்ற ஆளைத்தான் நம்பி அங்க உக்கார வைக்க முடியும். ஆறு மாசம் கழிச்சு திரும்ப எழுதிப்போடு. கெடைக்கும்னு நான் சொல்லல. நீ வரணும்னு சொல்றேன்."

அவள் கதவைச் சாத்திவிட்டாள். ஆனாலும் ஆறு மாதம் கழித்து வந்தாள். தெரியாத கருவியொன்றை நீட்டியபோது, "இது தெரியாது சார், ஒருவாட்டி காட்டுனா கத்துக்குவேன்," என்றாள். மூலையில் குறித்துக்கொண்டிருந்த ஏசுபாதம் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. வேலை கிடைத்தது. பிறகு தபாலில் பட்டம் படித்து, புதிதாக வந்த இன்னொரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவுக்கே போய்ச் சேர்ந்தாள்.

இரண்டாயிரத்து நான்கில் ஏசுபாதத்தின் கம்பெனி வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டியது. ரெபேக்காள் ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை ஓட்ட, அவர் காஜா போட்டுக் கொடுத்தார். நாற்பத்தெட்டு வயசுக்காரரை யார் கூப்பிடுவார்கள்? கண்ணகியின் கம்பெனி கூப்பிட்டது. அந்த இண்டர்வியூவில், அவர் இத்தனை காலம் உட்கார்ந்த அதே மாதிரி மூலையில், பேனாவோடு கண்ணகி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம பொண்ணு உள்ள கீது. கெடைச்ச மாதிரிதான்," என்று ரெபேக்காள் அன்று முதல் மிதந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு வாசலில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஜன்னலில் எட்டிப்பார்த்த ரெபேக்காள் அந்த நிமிடமே ரவையை வாணலியில் கொட்டிவிட்டாள். ஏசுபாதத்துக்கோ வண்டிச் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. நல்ல சேதி ரிஜிஸ்தர் தபாலில்தான் வரும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்?

கண்ணகி வாசலில் நிற்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள். காஜா நன்றாக வந்திருக்கிறது என்றாள். கேசரி வந்ததும், தட்டைக் கீழே வைக்காமல் அதையே பார்த்துப் பார்த்துத் தின்றாள். பாவம், குழந்தைக்கு வாயே வரவில்லை. வேலை கிடைக்காத வருத்தத்தைவிட அவள் படும் பாடுதான் ஏசுபாதத்தைப் பிசைந்தது.

"சொல்லிட்டு சாப்புடும்மா. உள்ள எறங்காது," என்றார்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "வேலை இல்ல சார்."

ரெபேக்காளின் கையில் கரண்டி அப்படியே நின்றது.

"காரணம் சொல்லக்கூடியதா?"

"சொல்லக்கூடியதுதான் சார். என் வாயால எப்படிச் சொல்றதுன்னுதான்..." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கம்ப்யூட்டர்ல சம்பளக் கணக்கு போட வருமான்னு கேட்டாங்களே. வரும்னு சொன்னீங்க. அப்புறம் அது முன்னால உக்கார வெச்சாங்க..."

ஏசுபாதத்துக்குத் திருக்கழுக்குன்றத்தில் படீரென்று சாத்திய கதவு ஞாபகத்துக்கு வந்தது. வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பி, இருமலாகி, கண்ணில் தண்ணீராக வந்து நின்றது.

"குத்துமதிப்பா அடிச்சு விட்டேன்," என்றார்.

"தெரியாதுன்னு சொல்லியிருந்தா கத்துக்க டைம் குடுத்திருப்பாங்க சார். எங்க மேனேஜரே சொன்னாரு. ஆறு மாசம் கழிச்சு திரும்ப எழுதிப்போடுங்க. கெடைக்கும்னு..."

"நீ சொல்லமாட்ட."

"நீங்க வரணும்னு சொல்றேன் சார்."

ரெபேக்காள் இருவரையும் முறைத்தாள். பிறகு கண்ணகியின் தட்டில் இன்னொரு கரண்டி கேசரியைத் தள்ளினாள். "துன்னு. இழவு சொல்ல வந்தாலும் வயிறுன்னு ஒண்ணு கீதில்ல."

திங்கட்கிழமை காலை ஏசுபாதம் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனார். பெயர் எழுதிக்கொண்டிருந்த பெண், ஏற்கனவே பழக்கம் உண்டா அங்கிள் என்று கேட்டாள்.

உட்காருவதற்கு முன்னால், நின்றபடியே சொன்னார்: "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதும்மா."