ஈரத் தலையும் ஹெல்மெட்டும்

ஸ்கூட்டி வாங்கிய புதுசில் என் தலை அரிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உம்மா சொன்னதுதான் சரி என்று நீங்களும் நினைத்துவிடுவீர்கள்.

யுத்தம் முடிந்து, எங்கள் பக்கத்து ரோடுகளுக்கெல்லாம் தார்க் காப்பெட் போடத் தொடங்கியிருந்த காலம். வீடு மாம்புரியில். எனக்கு வேலை புத்தளம் டவுனில், ஒரு துணிக்கடையில் அபாயாத் துணி வெட்டிக் கொடுக்கிற கவுண்டரில். பஸ்ஸை நம்பி அந்த வேலை பார்க்க ஏலாது. பஸ் தன் இஷ்டத்துக்கு வரும், வந்தாலும் பாலாவிச் சந்தியில் நின்று ஆள் ஏற்றும். பிந்திப் போனால் முதலாளி ஏச மாட்டார், மணிக்கூட்டைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு ஏச்சே மேல். அதனால்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஸ்கூட்டி எடுத்தேன். அதில் ஏறிய நாளில் எனக்கு வந்த சந்தோஷம் வேறு எதிலும் வந்ததில்லை. எனக்கு ஓரிடத்தில் நிற்கவும் ஏலாது, இருக்கவும் ஏலாது. ஓடிக்கொண்டிருந்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும்.

ஆனால் அந்த ரோட்டுத் தூசி இருக்கிறதே, அது சாமானியத் தூசி இல்லை. கிரவல் மண் கொட்டின பக்கம் சிவப்பு, சீமெந்து லொறி போன பக்கம் சாம்பல், டிப்பர் முன்னால் போனால் கறுப்புப் புகை. கடலிலிருந்து வரும் காற்று மணலையும் சேர்த்து அடிக்கும். கடைக்குப் போய் முகத்தைத் துடைத்தால் டிசு பேப்பர் கறுத்துவிடும். ஹெல்மெட்டும் ஸ்கார்பும் இருந்தும் நெற்றியோரத்தில், காதுக்குப் பின்னால், பிடரியில் எல்லாம் நரநரவென்று இருக்கும். வேர்வையோடு சேர்ந்தால் அது பசை.

ஆகவே தினமும் தலை குளித்தேன். எந்த நேரம் குளிப்பது என்று யோசிக்கவே இடமில்லை. எங்கள் வீட்டில் பின்னேரம் தலையில் தண்ணீர் ஊற்றினால் சளி பிடித்துத் தடிமன் வரும். பொழுது படுகிற மஃரிபு நேரம் தலையை விரித்துப் போட்டால் ஷைத்தான் வரும். மிச்சம் இருப்பது விடியப்புறம். சுபஹுத் தொழுகைக்கு முன்னமே எழும்பி, கிணற்று உவர்த் தண்ணீரில் சவுக்காரம் போட்டு முழுகுவேன். அந்தத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது, தலையில் மாவு மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கும். துவாயால் நாலு தேய்ப்பு. தூசிக்குக் காவல் என்று சொல்லி உம்மா அதற்கு மேல் ஒரு கை தேங்காயெண்ணெய் வைத்துவிடுவா. பிறகு இறுக்கி ஒரு கொண்டை, அதற்கு மேல் உள்தொப்பி, அதற்கு மேல் ஸ்கார்ப், அதற்கு மேல் ஹெல்மெட். பூட்டு மேல் பூட்டு.

சில மாதத்தில் அரிப்பு தொடங்கியது. என்ன அரிப்பென்றால், துணி அளந்துகொண்டிருக்கும்போதே பேனா மூடியை ஸ்கார்புக்கு மேலால் குத்திச் சொறிகிற அரிப்பு. ஒரு தரம் ஒரு பொம்பிளை என் கையைப் பார்த்தா, தலையைப் பார்த்தா, மெதுவாக அடுத்த கவுண்டருக்கு நகர்ந்துவிட்டா. வெட்கத்தில் எனக்கு அழுகை முட்டியது. ஸ்கார்பைக் கழற்றினால் ஒரு புளித்த வாடை. சீப்பில் தவிடு தவிடாகப் பொடுகு, அதோடு பந்து பந்தாக முடி.

அழுக்குப் போகவில்லை போல என்று நினைத்து இன்னும் உரமாகத் தேய்த்துக் குளித்தேன், இன்னும் எண்ணெய் வைத்தேன். அரிப்பு கூடியதே தவிர குறையவில்லை.

உம்மாவுக்கு ஒரு காரணம்தான் தெரிந்தது.

"இது தூசி தின்ற முடி மகள். பைக்க வித்துப் போடு."

"வித்துட்டு? நடந்தா வேலைக்குப் போற?"

"வேலையும் வேணாம். நாளைக்கு உன்னப் பொண்ணு பாக்க வாற பொம்பிளைகள் முகத்தயா பாப்பாங்க? கொண்டயத்தான் அவிழ்ப்பாங்க. அதுக்குள்ள என்ன இரிக்கி, எலி வாலா?"

வாப்பா கடலுக்குப் போகிறவர். வீட்டுச் சண்டை கேட்டால் வலையைப் பார்க்கப் போய்விடுவார். உம்மா சும்மா வாயால் சொல்கிறா என்று நானும் விட்டுவிட்டேன். பார்த்தால், ஸ்கூட்டிக்கு ஆளே பிடித்துவிட்டா. உம்மாவின் சொந்தத்தில் ஒருவர் தன் மகனுக்குக் கேட்கிறாராம். பெருநாளைக்கு முன்னம் அரிப்பு நிற்காவிட்டால் சாவியைக் கொடுக்கத்தான் வேணும் என்று சொல்லிவிட்டா. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் பாத்திரம் கழுவும்போது ஒரு பீங்கான் கோப்பை உடைந்தது. தெரியாமல் உடைந்தது என்றுதான் சொன்னேன்.

கடையில் என்னோடு நின்ற பிள்ளை முந்தலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வருவாள். வேதக்காரப் பிள்ளை, கிறிஸ்தவம், ஸ்கார்ப் இல்லை, பின்னலுக்கு மேல் ஹெல்மெட் மட்டும். அவள் வருவதும் லொறி ஓடுகிற ரோடுதான், அவள் தின்பதும் அதே தூசிதான். ஆனால் அவள் தலையைச் சொறிந்து நான் கண்டதில்லை.

"நீ எப்ப தலை குளிக்கிற?" என்று கேட்டேன்.

"வீட்ட போனதும். இந்தத் தூசியோட தலையணையில படுக்கவா? அதுவும் தினமும் இல்ல, ஒருநாள் விட்டு ஒருநாள்."

"எங்கட வீட்டில மஃரிபுக்குத் தலைய விரிச்சா உம்மா என்னயே வெளியில விரிச்சுப் போட்டுருவா."

அவள் சிரித்துவிட்டு, சிலாபம் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போகச் சொன்னாள். உம்மாவும் உடனே சரி என்றா. டொக்டரும் பைக்கைத்தான் குறை சொல்வார் என்று உம்மாவுக்கு அவ்வளவு நிச்சயம்.

டொக்டரிடம் அழுக்குத் தலையோடு போக ஏலுமா? அன்றைக்கும் விடியப்புறம் நன்றாக முழுகி, எண்ணெய் வைத்து, இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கிளினிக்கில் எங்கள் முறை வரும்போது பகலாகிவிட்டது. டொக்டர் பொம்பிளை, சிங்களத்தில்தான் பேசினா. உம்மாவுக்கும் எனக்கும் அது தடையில்லை. திரையை இழுத்துவிட்டு என் கொண்டையை அவிழ்த்தா. விரலை உள்ளே விட்டவ அப்படியே நிறுத்தினா.

"எப்ப குளிச்ச?"

"விடியக்காலம்."

கொண்டையின் நடுவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தா. சொதசொதவென்று இருந்தது. வெயில் ஏறி, பஸ்ஸில் வெந்து, இவ்வளவு நேரமாகியும் உள்ளே காயவே இல்லை.

"இப்பிடித்தான் தினமும் ஹெல்மெட் போடுறியா?"

ஓம் என்றேன்.

உம்மா இடையில் புகுந்தா. "பைக் ஓடுறதாலதானே டொக்டர்? தூசிதானே? விடச் சொல்லுங்க."

"தூசி மேலால படுறது, கழுவினாப் போயிரும்," என்றா டொக்டர். எல்லார் தலையிலும் ஒரு பங்கசு, பூஞ்சணம் மாதிரி, இருக்கிறதாம். ஈரமும் எண்ணெயும் சூடும் கிடைத்தால் அது பெருகி, பொடுகும் அரிப்பும் வரும். சொறிவதாலும், ஈர முடியை இறுக்கிக் கட்டுவதாலும் முடி கழன்றும் முறிந்தும் போகிறது. நான் தூசிக்குப் பயந்து செய்ததெல்லாம் அந்தப் பங்கசுக்கு நான் வைத்த விருந்து.

அவ சொன்ன முறை இதுதான். தலை குளிப்பது வேலையால் வந்த பிறகு, ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். சவுக்காரம் வேண்டாம், ஷாம்பூ. முதல் தரம் தூசியும் எண்ணெயும் போக, இரண்டாம் தரம் தலைத் தோலில் விரல் நுனியால், நகம் படாமல். கிழமைக்கு இரண்டு தரம் அவ எழுதித் தந்த மருந்து ஷாம்பூவைப் போட்டு, ஐந்து நிமிஷம் விட்டுக் கழுவ வேணும். கடைசியாக ஊற்றுவதற்கு உவரில்லாத நல்ல தண்ணீர் ஒரு வாளி. வேர் வரைக்கும் காய்ந்த பிறகுதான் கட்டலாம், அதுவும் தளர்த்தியாக. அரிப்பு அடங்கும் வரைக்கும் எண்ணெயே வேண்டாம். உள்தொப்பி பருத்தியில், தினமும் மாற்றுத் தொப்பி. ஹெல்மெட்டின் உள்மெத்தையைக் கிழமைக்கு ஒரு தரம் கழற்றிக் கழுவி வெயிலில் போட வேணும்.

"முடி திரும்ப வருமா?" என்றேன்.

"உனக்கு வரும். வருஷக்கணக்கா இறுக்கிக் கட்டி வழுவழுன்னு போன இடத்திலதான் வராது. நீ இன்னும் அங்க போகல்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உம்மா வாயே திறக்கவில்லை. தோற்றுவிட்ட கோபம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமும்தான்.

முறை சுகமாக நடக்கவில்லை. கடையால் வந்தால் பாங்கு சொல்லிவிடும். தொழுதுவிட்டு முழுகி, அறைக் கதவைப் பூட்டி, ஃபேனுக்குக் கீழே முடி காயும் வரைக்கும் இருக்க வேணும். சும்மா இருக்க வேணும். எனக்கு அதைவிடத் தண்டனை உண்டா? எழும்புவேன், ஜன்னல் வரைக்கும் போவேன், திரும்புவேன், முடியைத் தொட்டுப் பார்ப்பேன், இன்னும் ஈரம். கரண்ட் போன நாளில் காட்போட் மட்டையால் விசிறினேன். ஒரு நாள் பொறுக்காமல் பாதி ஈரத்தோடு கட்டிவிட்டுப் போய், பகலே அரிப்பு வந்து என்னை நானே ஏசிக்கொண்டேன். வெளியில் உம்மா, தடிமன் வரும் தடிமன் வரும் என்று நடந்துகொண்டிருப்பா. வரவில்லை. சில கிழமையில் அரிப்பு அடங்கியது, வாடை போனது. பேனா மூடி பேனாவிலேயே நின்றது. அப்படியும் உம்மா ஸ்கூட்டியை விற்கிற கதையை விடவில்லை. அந்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

பெருநாள் கிட்டி வந்தது. ஒரு பின்னேரம் நான் ஃபேனுக்குக் கீழே இருக்கும்போது உம்மா அறைக்குள் வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டா. சாவி கேட்க வந்திருக்கிறா என்று நான் சண்டைக்கு ஆயத்தமானேன்.

உம்மா ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலில் இருந்துகொண்டு, தலையில் கிடந்த முந்தானையை இறக்கினா. வீட்டுக்குள்ளும் முந்தானை இறங்காத பொம்பிளை அவ. கொண்டையை அவிழ்த்து, லைட்டுப் பக்கமாகக் குனிந்தா. நெற்றிக்கு மேலும் இரண்டு காதோரமும் கை அகலத்துக்கு வெறும் தோல், வழுவழுவென்று. மிச்ச இடமெல்லாம் சிவந்து பொருக்குக் கட்டிச் சொறிந்த காயம்.

"கலியாணம் முடிச்ச நாள்ல இருந்து விடியப்புறம் முழுகி அப்பிடியே கட்டுறது," என்றா. "நான் ஒருநாளும் பைக் ஓடல்லயே மகள்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "தெரிஞ்சிருந்தும் ஏன் உம்மா பைக்க விக்கச் சொன்னீங்க?"

"ஏன் வருதுன்டு எனக்கெங்க தெரியும். உனக்கும் என்னப் போல ஆகிருமோன்டு பயம், டொக்டர் சொன்ன பிறகும் அது விடல்ல. குளிக்காதன்டு சொல்ல ஏலுமா, தலைய மூடாதன்டு சொல்ல ஏலுமா. என்ட கைக்கு எட்டினது பைக் ஒண்டுதான்."

ஜன்னலில் இருந்த மருந்து ஷாம்பூப் போத்தலை எடுத்து உம்மா மடியில் வைத்துக்கொண்டா. என்ன சொல்ல வந்தாலும் பொய்யாகத்தான் இருக்கும் என்று பட்டது.

"ஒண்டும் சொல்லத் தேவல்ல," என்றா உம்மா. "எனக்கு முளைக்காதுன்டு அண்டைக்கே டொக்டர் சொல்லிட்டா. அரிப்பு நிண்டாப் போதும்."