எதிராக நால்வர்

கூட்டம் பத்தரை மணிக்கு என்று நோட்டீஸில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. எங்கள் ஆட்கள் எட்டு மணிக்கே வந்து, குன்னூரில் அந்த வாடகைக் கூடத்தின் வாசலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டார்கள். நாற்பத்து மூன்று குடும்பம், குடும்பத்துக்கு ஒருவர். எல்லாரும் அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். என் அப்பாவும் அதில் ஒருவர். நான் அவர்களைத் தாண்டி, ஆபீஸ் ஃபைல் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். "நம்ம புள்ளதான் உள்ள எழுதப் போவுது" என்று அப்பா பக்கத்திலிருந்தவரிடம் பெருமையடித்தது காதில் விழுந்தது. எனக்கு எரிச்சலாக இருந்தது. எழுதுகிறவள் கையிலா எல்லாம் இருக்கிறது?

நான் அப்போது குன்னூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். சிலோனிலிருந்து கப்பலேறி, மண்டபம் முகாமில் மூன்று மாதம் கிடந்து, இந்த மலைக்கு வந்து சேர்ந்த கூட்டத்தில் தட்டச்சுப் படித்தவள் நான் ஒருத்திதான். எங்களுக்கு மேல்பக்கம் இருந்த ஒரு தேயிலை ஃபேக்டரி கம்பெனி கடனில் மூழ்கிவிட்டது. "எல்லாக் கடனையும் முழுசாகக் கொடுக்க முடியாது, இவ்வளவு தருகிறோம், இத்தனை வருஷத்தில் தருகிறோம்" என்று ஒரு திட்டம் போட்டு ஐகோர்ட்டுக்குப் போனார்கள். கடன் கொடுத்தவர்களைக் கூட்டி வாக்கெடுத்துச் சொல்லுங்கள் என்றது கோர்ட். அந்தக் கூட்டத்தை நடத்தக் கோர்ட் நியமித்தது எங்கள் வக்கீலை. நடவடிக்கைக் குறிப்பு எழுத அவர் கூட்டிப்போனது என்னை.

அந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. சிலோனில் வேலையை விட்டபோது கிடைத்த சேமிப்புப் பணம், காதில் கழுத்தில் கிடந்ததை விற்ற பணம் எல்லாம் சேர்த்துக் குடும்பத்துக்கு இரண்டாயிரம். இத்தலார் பக்கம் ஒருவர் இரண்டு ஏக்கர் தருகிறேன் என்றிருந்தார். அதை வாங்கிப் பிரித்து, ஆளுக்கொரு வீடு கட்டுவதாகப் பேச்சு. பத்திரம் எழுத அவர் அடுத்த வருஷம் தை வரைக்கும் கெடு கேட்டார். அதுவரை பணம் சும்மா கிடப்பானேன் என்று கம்பெனியில் டெபாசிட் போட்டார்கள். வட்டி வரும் என்ற ஆசை. ஆசைப்பட்டது தப்பா? தார்ப்பாலின் குடிசையில் மூன்று மழைக்காலம் கழித்தவர்களுக்கு ஆசை வராதா?

போட்டது ஒரே ரசீதாக. அதுதான் வினை. சிலோன் தோட்டத்தில் எல்லாமே கங்காணி மூலம்தான் நடக்கும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் துரையிடம் அவர் ஒருவர் வாய் திறந்தால் கும்பலே பேசிய மாதிரி. அரிசியும் கடனும் அவர் பேரில்தான் வரும். கடல் தாண்டி வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. எங்களோடு வந்த பழைய கங்காணி நல்ல மனுஷன், ஒரு பைசா தொட்டவரில்லை. நாற்பத்து மூன்று பேரும் அவர் கையில் பணத்தைக் கொடுத்தார்கள். அவர் தன் பேரில் எண்பத்தாறாயிரத்துக்கு ஒரு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார். யார் யார் எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதிக் கைநாட்டு வாங்கி வைத்திருந்தார். அதற்கு மேல் யாருக்கும் என்ன வேண்டும்?

கடன் கொடுத்தவர்கள் பட்டியலைக் கூட்டத்துக்கு முன்னால் தட்டியவளும் நான்தான். வரிசை எண் பதினொன்று, கங்காணியின் பெயர், எண்பத்தாறாயிரம். தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். அப்போது எனக்கு உறைக்கவே இல்லை. மடச்சி.

பத்தரைக்கு வக்கீல் கூட்டத்தைத் தொடங்கினார். பாங்குக் கடனுக்கு ஃபேக்டரியே அடமானம், அவர்களுக்குத் தனிக் கூட்டம். இங்கே ஈடில்லாமல் கொடுத்தவர்கள் மட்டும். பெரிய தொகை கொடுத்திருந்த கோயமுத்தூர் ஃபைனான்ஸ்காரர் தான் வராமல், முன்கூட்டியே அதிகாரப் பத்திரம் கொடுத்து ஒரு குமாஸ்தாவை அனுப்பியிருந்தார். தேயிலைப் பெட்டி விற்றவர், உரக்கடைக்காரர், லாரிக்காரர், விறகு கான்ட்ராக்டர் என்று மொத்தம் பத்தொன்பது பேர். எல்லாருடைய தொகையும் சேர்ந்து ஏழு லட்சத்துத் தொண்ணூறாயிரம். எங்கள் ஆட்களில் கங்காணி மட்டும் உள்ளே. மற்றவர்கள் பட்டியலில் இல்லை என்று வெளியே நிறுத்திவிட்டார்கள்.

திட்டத்தை வக்கீல் வாசித்தார். ரூபாய்க்கு நாற்பது பைசா. வட்டி கிடையாது. ஐந்து வருஷத் தவணை, கோர்ட் ஒப்புக்கொண்டு ஒரு வருஷம் கழித்து முதல் தவணை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். எங்கள் இரண்டாயிரம் எண்ணூறாகிறது. வருஷத்துக்கு நூற்றறுபது. நூற்றறுபதை வைத்துக்கொண்டு எந்த நிலத்தை வாங்குவது, கோழிக்கூண்டு வைக்கவா?

விறகு கான்ட்ராக்டர் எழுந்தார். "ஏனுங்க, இதைத் தோக்கடிச்சா அறுபது பைசாவுக்கு அவிங்களே வருவாங்க. ஃபேக்டரியை மூட அவிங்களுக்கு மனசு வராதுங்க. அவசரப்படாதீங்க" என்றார். கங்காணி தலையாட்டினார். வாசலில் நின்றவர்களுக்கும் அது கேட்டது. அங்கே ஒரு சலசலப்பு, கொஞ்சம் தெம்பு.

வக்கீல் விதியை விளக்கினார். "ரெண்டு கணக்குங்க. ஓட்டுப் போடறவங்க தொகையில முக்கால் பங்கு ஆதரவா இருக்கோணும். தலைக்கணக்குலயும் பாதிக்கு மேல இருக்கோணும். ரெண்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் திட்டம் நிக்காதுங்க."

கங்காணி மேஜைக்கு வந்தார். வேட்டி மடிப்பிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். "எனக்கு நாப்பத்து மூணு சீட்டு குடுங்கய்யா" என்றார்.

வக்கீல் பட்டியலைப் பார்த்தார். "உங்க பேர்ல ஒரு ரசீதுதானுங்க இருக்குது. ஒரு ரசீது, ஒரு ஆளு, ஒரு சீட்டு. எம்பத்தாறாயிரமும் தொகைக் கணக்குல முழுசா ஏறும். தலைக்கணக்குல ஒண்ணுதானுங்க."

"அந்த ஆளுங்க எல்லாம் வெளியதான் நிக்கிறாங்க. எட்டிப் பாருங்கய்யா. கைநாட்டு வச்சிருக்காங்க."

கம்பெனி கணக்கர் உடனே குதித்தார். கம்பெனிப் புத்தகத்தில் அப்படி நாற்பத்து மூன்று பேர் கிடையாது என்றார். டெபாசிட் வாங்கிய அன்று கங்காணியோடு போய் ஃபேக்டரி வாசலில் நின்ற கூட்டம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருந்தது, இப்போது தெரியவில்லை. பாவி. வக்கீல் அந்த நோட்டைப் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். பிறகு மூடிக் கொடுத்தார். "இது உங்களுக்குள்ள இருக்கற ஏற்பாடுங்க. நான் பட்டியல்படிதான் போகோணும். முன்னாடியே கோர்ட்டுல கேட்டிருந்தா ஏதாச்சும் வழி பண்ணியிருக்கலாம்."

முன்னாடியே! பட்டியல் பத்து நாளாக என் மேஜையில்தான் கிடந்தது.

சீட்டுகளை வக்கீல் பிரித்துப் பிரித்துப் படிக்க நான் எழுதினேன். ஆதரவாகப் பதினைந்து பேர், ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம். எதிராக நான்கு பேர், ஒரு லட்சத்து எழுபத்திரண்டாயிரம். முக்கால் பங்கு என்பது ஐந்து லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரத்து ஐந்நூறு. அதைத் தாண்டிவிட்டது. தலைக்கணக்கிலும் தாண்டிவிட்டது. தீர்மானம் நிறைவேறியது.

குறிப்புத்தாளின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கங்காணி ஒருவருக்குப் பதிலாக நாற்பத்து மூன்று பேர் என்றால் எதிராக நாற்பத்தாறு. ஆதரவாக அதே பதினைந்து. கோயமுத்தூர்க்காரரின் லட்சங்கள் எத்தனை இருந்தாலும் திட்டம் அங்கேயே விழுந்திருக்கும். அழிப்பானால் அழித்துவிட்டு நிமிர்ந்தேன்.

மத்தியானம் ஆபீஸில் குறிப்பைத் தட்டும்போது வக்கீலிடம் கேட்டேன். "அந்த நாற்பத்து மூணு பேரைப் பத்தி ஒரு வரி போடட்டுமா சார்?"

"கூட்டத்துல நடந்ததை மட்டும் போடு அம்மணி."

"அவர் கேட்டதும் நடந்ததுதானே சார்?" என் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் அப்பா வாசலில் நின்றதை அவரும் பார்த்திருந்தார். பிறகு இங்கிலீஷில் ஒரே ஒரு வரி சொன்னார்: வரிசை எண் பதினொன்று கூடுதல் வாக்குச்சீட்டுகள் கேட்டார், பட்டியலின்படி ஒன்று வழங்கப்பட்டது. அவ்வளவுதான். பொய் இல்லை. ஏன் கேட்டார் என்பதும் இல்லை. நான் தட்டிக் கையெழுத்து வாங்கினேன். "கோர்ட்டுல விசாரணைக்கு நாள் போடுவாங்க, பேப்பர்ல வரும். ஆட்சேபணை இருக்கறவங்க அங்க போய்ச் சொல்லலாம். சொல்லி வையி" என்றார் அவர்.

சாயங்காலம் குடிசைக்கு வந்தபோது அப்பாவோடு கங்காணியும் இன்னும் ஏழெட்டுப் பேரும் காத்திருந்தார்கள். கங்காணி குனிந்த தலை நிமிரவில்லை. யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் அவரைக் கொன்றது. அப்பா என் பையைப் பார்த்தார். "எழுதுனதைப் படி. நாங்க அம்புட்டுப் பேரும் வந்து நின்னதைப் போட்டியா?"

கார்பன் காப்பியை எடுத்தேன். இங்கிலீஷில் இருந்தது, அங்கே என்னைத் தவிர ஒருவருக்கும் ஓர் எழுத்து தெரியாது. எதிராக நால்வர் என்ற வரிக்கு வந்தேன். அத்தனை முகமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நாற்பத்து மூன்று குடும்பத்தாரும் நேரில் வந்து, இந்தத் திட்டம் வேண்டாம் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்" என்று படித்தேன்.

கங்காணி முதல் முறையாகத் தலை தூக்கினார். "அப்ப ஜட்ஜையாவுக்குத் தெரிஞ்சிரும்" என்றார். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அந்த முகத்தைப் பார்த்து, ஒரு ராத்திரிக்காவது நிம்மதியாகத் தூங்கட்டுமே என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பேப்பரில் விசாரணை நாள் வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்பா, மெட்ராஸுக்குப் போய் ஜட்ஜ்கிட்டச் சொல்லணும். கங்காணியக் கூட்டிக்கிட்டு நாலு பேராவது போங்க."

"எதுக்கு? அதான் எழுதியிருக்கேல்ல. ரயிலுக்குக் குடுக்க எங்க இருக்கு காசு?" என்றார் அப்பா. கங்காணியிடம் போனேன். அவரும் அதையே சொன்னார். "நீ எழுதுனது பத்தாதா புள்ள?"

உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் இருந்தது. தினமும் வாய்வரைக்கும் வரும். அப்பா கம்பளியை உதறி மடிப்பதைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன். விசாரணை நாளில் ஆட்சேபணை என்று ஒருவரும் வரவில்லை. திட்டத்துக்குக் கோர்ட் அனுமதி கொடுத்தது. தை பிறந்தது, இத்தலார் நிலம் வேறொருவர் கைக்குப் போனது. போயிருந்தால் ஜட்ஜ் கேட்டிருப்பாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போகவிடாமல் பண்ணியது யார் என்பது மட்டும் தெரியும்.

தவணை வருஷா வருஷம் ஒரே செக்காகக் கங்காணி பேரில் வந்தது. அவர் நோட்டைப் பார்த்து நாற்பத்து மூன்று பேருக்கும் நூற்றறுபது நூற்றறுபதாகப் பிரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அந்த ரூபாய்களை எண்ணி முடித்ததும் அப்பா என்னைப் பார்ப்பார்.

"நாங்க வந்து நின்னதை எழுதியிருந்தேல்ல?"

"எழுதியிருந்தேன்ப்பா."

"பின்ன ஏன் அந்த ஜட்ஜ் ஒரு வார்த்தை கேக்கல?" என்பார்.