நன்றியுரைக்குப் பிறகு டிபன்பாக்ஸ்

எங்கள் சங்கத்து ஆட்களுக்கு ஒரு சொட்டு மை கூட வீண் என்று இதை எழுதாமலே விட இருந்தேன்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழு. தலைவருக்குக் காய்ச்சல் என்பதால், வாயாடியான என்னைத் தலைமை தாங்க வைத்தார்கள். வருஷாவருஷம் ஆட்கள் கையெழுத்துப் போட்டு, சங்கம் பரிசாகத் தரும் டிபன்பாக்ஸை வாங்கிக்கொண்டு பறந்துவிடுவார்கள். தீர்மானம் போடத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லாமல் கூட்டம் கலையும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்து துணி மடிக்கும் அக்காவின் உறுப்பினர் மனு மூன்று வருஷமாகக் கிடந்தது.

"பாக்ஸ் நன்றியுரைக்குப் பொறவுதான்" என்று பாக்ஸ் அடுக்கியிருந்த அறையைப் பூட்டினேன். திட்டிக்கொண்டே உட்கார்ந்தார்கள். தலைகளை எண்ணினேன்.

"முப்பது பேரு வேணும், நாப்பது பேரு இருக்கீய. கோரம் இருக்கு, கூட்டத்த ஆரம்பிக்கேன்."

அஜெண்டாவில் முதல் மூன்றும் கொட்டாவியிலேயே முடிந்தன.

"நாலாவது, அக்காவ உறுப்பினரா சேக்கணும்னு தீர்மானம். யாரு முன்மொழியுதீய?"

"நான் முன்மொழியுதேன்" என்றார் ஒருவர்.

"வழிமொழியுதேன், சீக்கிரம் முடிச்சு விடுலே!" என்றார் இன்னொருவர்.

"ஆதரிக்கிறவிய கை தூக்குங்க" என்று முடிப்பதற்குள் எல்லாக் கையும் எழுந்தது. "எதிர்ப்பு உண்டா?" என்றேன். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை.

"தீர்மானம் ஏகமனதா நிறைவேறிருச்சு."

அக்கா எழுந்து கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடக்கூட யாரும் திரும்பவில்லை; எல்லாரும் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும், பாக்ஸோடு நின்ற கூட்டாளி ஒருவனிடம் கேட்டேன்: "எதுக்குலே கை தூக்குன?"

"வீட்டுக்குப் போகத்தாம்லே."