ஒன்பது எட்டுக்குப் போன பெஞ்சமின்

பாலக்கரையில் வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பதினோரு வருஷமாக மேற்பார்வையாளர் பெஞ்சமின். ஆளை நம்பமாட்டார், காகிதத்தைத்தான் நம்புவார். மனுஷனின் சந்தேகத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகூட லீவு கிடையாது. மேற்பார்வைக்குப் போகிறவரும் நர்ஸ் போலவே வாசலில் நின்று போனில் ‘உள்ளே’, ‘வெளியே’ தட்ட வேண்டும் என்று விதி போட்டவரே அவர்தான்.

மஸ்கட்டிலிருந்து ஸ்ரீநிவாஸ் கூப்பிட்டார். ஸ்ரீரங்கத்தில் தனியாக இருக்கும் அவருடைய அம்மாவுக்குத் தினமும் காலையில் சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும். அந்த அம்மாவுக்குக் காலையில் வந்தவர் மத்தியானம் நினைவில் இருக்கமாட்டார்.

“நீங்க அனுப்பின வாராந்திர ஷீட்ல நாலு நாளைக்கு வேலை நேரம் பூஜ்யம்னு இருக்கு சார். நர்ஸ் வரவே இல்லையா?”

பெஞ்சமின் அந்த வீட்டுக்குப் போகும் நர்ஸ் உமாமகேஸ்வரியை அழைத்தார்.

“தினமும் போறேன் சார். சம்பளத்துல மணி குறையுதுன்னு நானே ரெண்டு தடவை சொன்னேனே.”

“போனேன்கிறியே, யார் பார்த்தா?”

அவளுக்கு இந்த வேலை போனால் வீட்டு வாடகைக்கு வழியில்லை.

வியாழக்கிழமை ஸ்ரீரங்கத்துத் தெருமுனையில் மறைந்து நின்றார் பெஞ்சமின். உமா வந்தாள். பின்னாலேயே போய் இவரும் தட்டினார்: இருவருக்கும் 9:08. அவள் சர்க்கரை பார்த்தாள், ஊசி போட்டாள், அந்த அம்மாவை இட்லி சாப்பிட வைத்தாள். இருவரும் வெளியே தட்டியபோது 9:22. கண்ணால் பார்த்தும் சந்தேகம் தீர்ந்ததா? எங்கே தீர்ந்தது!

“திங்கட்கிழமை ஷீட் வரட்டும். அதுலயும் பூஜ்யம்னா ஐடி கார்டைக் குடுத்துட்டுப் போயிடு” என்றார்.

திங்கட்கிழமை ஷீட் வந்தது. வியாழன், உமாமகேஸ்வரி: பூஜ்யம். அடுத்த வரி, பெஞ்சமின்: பூஜ்யம்.

தட்டிய நேரங்களைத் திறந்து பார்த்தார். நுழைந்ததையும் கிளம்பியதையும் கம்ப்யூட்டர் தனித்தனியாகப் பக்கத்துக் கால் மணிக்குத் தள்ளுகிறது. ஏழு நிமிஷம் வரை பின்னால், எட்டானால் முன்னால். 9:08-ம் 9:15, 9:22-ம் 9:15. நடுவில் செய்த பதினாலு நிமிஷ வேலை அப்படியே மாயம். ஒரு நிமிஷம் முன்னால் வந்து ஒரு நிமிஷம் பின்னால் போயிருந்தால் அரை மணி ஏறியிருக்கும். பாழாய்ப்போன இந்தக் கணக்கை நம்பித்தான் இத்தனை நாளும் ஆட்களின் கண்ணில் விரலை விட்டு ஆட்டியிருக்கிறார்.

மேஜைக்கு எதிரே உமா கழுத்திலிருந்த கார்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

“வியாழக்கிழமை நேர்ல போய்ப் பார்த்தேன்னீங்க” என்றார் ஸ்ரீநிவாஸ். “உங்களுக்கும் பூஜ்யம்தானே போட்டிருக்கு?”

பெஞ்சமின் கால் மணிக் கணக்கை விளக்கினார்.

“கணக்கைச் சொல்லி மழுப்பாதீங்க சார். நீங்க போனதை யார் பார்த்தா?”

பெஞ்சமின் போனை ஸ்பீக்கரில் போட்டு உமாவின் பக்கம் நகர்த்தினார்.

அவள் கார்டை மேஜையில் வைத்துவிட்டுக் குனிந்தாள்.

“வந்தாருங்க” என்றாள். “நான் பார்த்தேன்.”