கடம்பூர்ப் பக்கம் கேபிள் அறுந்த காலை

கோவில்பட்டி எக்சேஞ்சில், ஊருக்கு ஊர் போன் பேச்சைக் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிள்கள் என் பொறுப்பு. விளாத்திகுளத்துக்கு அதுவரை ஒரே வழிதான். எவராவது மண்ணைத் தோண்டிவிட்டால் சுற்றுக் கிராமங்கள் அத்தனையும் ஊமை. அந்த வருடம் கடம்பூர் வழியாக இன்னொரு கேபிள் போட்டு வளையமாக்கினோம். ஒரு பக்கம் அறுந்தால் பேச்சு கண் இமைப்பதற்குள் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். அதற்கென்று பரீட்சை எழுதி சான்றிதழும் வாங்கியிருந்தேன். தலைக்கனம் இருந்தது, இல்லாமல் எப்படி?

அந்தத் திமிரில்தான் விளாத்திகுளத்து மிளகாய் மண்டி அண்ணாச்சிக்கு வாக்குக் கொடுத்தேன்.

"நாளைக்கு எம் மவளுக்கு போன்லயே இன்டர்வியூ தாயி, மெட்ராஸ் கம்பெனி. நடுவுல லைன் போயிரக் கூடாது. இதுவும் தவறிச்சுன்னா கல்யாணத்தப் பண்ணிருவோம்னு வீட்ல ஒத்தக்கால்ல நிக்காவ."

"போவாது அண்ணாச்சி."

மறுநாள் காலை, சரியாக இன்டர்வியூ நேரத்தில் அலாரம் அலறியது. கடம்பூர்ப் பக்கத்து இழையைச் செருகியிருந்த சர்க்யூட் கார்டில் சிவப்பு விளக்கு. அடுத்த கார்டைப் பார்த்தேன். விளாத்திகுளம் நேர்வழிக் கார்டில் பச்சை. வளையம் திரும்பிவிட்டது, பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் எக்சேஞ்ச் அதிகாரி ஓடி வந்தார். எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான். "ரெண்டு கார்டையும் ஒருதரம் கழட்டி மாட்டும்மா!"

ஓடுகிற கார்டைக் கழற்றுவது, வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வதுதான். நான் கார்டுகளை மறைத்து, அவை இருந்த ரேக்கில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

"மாட்டேன் சார். இப்ப மிச்சம் இருக்கது ஒரே வழி. அதத் தொட்டா விளாத்திகுளமே போயிரும்."

"சர்டிபிகேட் வாங்கிட்டா எங்களுக்கே பாடமா?"

கடம்பூர் இழையில் வெளிச்சம் அளக்கும் மீட்டரை மாட்டிக் காட்டினேன். அங்கிருந்து துளி வெளிச்சமும் வரவில்லை. கோளாறு கார்டில் இல்லை, கேபிளில். அடுத்து, இழைக்குள் ஒளியை அனுப்பி அது முறிவில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் சொல்லும் கருவி. கடம்பூருக்கு முன்னால் எங்கோ என்றது. தண்ணீர்க் குழாய்க்குக் கரிசலைத் தோண்டிக்கொண்டிருந்த இடம். இழை ஒட்டும் ஆட்களை ஜீப்பில் அனுப்பினார் அதிகாரி. நேர்வழிக் கேபிள் பக்கம் யாரும் மண்வெட்டி வைக்கக் கூடாது என்று அவரே போனில் கத்தினார். மனிதர் கோபக்காரரே தவிர முரடர் இல்லை.

சாயங்காலம் ஒட்டி முடித்துச் சிவப்பு அணைந்த பிறகு அண்ணாச்சி கூப்பிட்டார்.

"கேபிள் அறுந்து போச்சுன்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிடுதாவ. இங்கன ஒண்ணும் தெரியலையே?"

"பிள்ளை?"

"முழுசாப் பேசி முடிச்சிட்டா. நேர்ல வரச் சொல்லிருக்காவ. மாப்பிள்ளை வீட்டுக்காரவியளக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிட்டேன்."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது எனக்கு. அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கம்ப்ளெயின்டா?"

"ஒண்ணுமே நடக்கலையாம் சார்" என்றேன்.